போட்டோ மூலைல விரல் விழுந்துருச்சா? அழிக்குறதுக்கு முன்னாடி ரெண்டா பிரிச்சுப் பாருங்க

விரல் மறைச்ச போட்டோவ சரி பண்ண உக்கார்ற பெரும்பாலான பேரு நேரா அழிக்குற டூல எடுத்து அந்த ரோஸ் கலர் மேல தேய்க்க ஆரம்பிச்சுடுறாங்க. விரல் போயிடும், ஆனா அந்த இடத்துல அழுக்கா ஒரு திட்டு நிக்கும். எங்க வீட்டுல எல்லாருக்கும் போட்டோ சரி பண்ணிக் குடுக்குறது நான்தான், அதனால சித்தப்பா விரல், அத்தை விரல், வாடகைக்கு வந்த கார் டிரைவர் விரல்னு எல்லாரோட விரலும் என் போன் வழியாத்தான் போயிருக்கு. அதுல எனக்குப் புரிஞ்ச முக்கியமான விஷயம் ஒண்ணுதான், மூலைல தெரியுறது ஒரே பொருள் கிடையாது, அது ரெண்டு.

ஒண்ணு, நடுவுல கெட்டியா இருக்குற பகுதி. அங்க விரல் லென்ஸ மொத்தமா மறைச்சிருக்கு, அதுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுங்கற தகவல் போட்டோவுல எங்கயுமே கிடையாது. இன்னொண்ணு, அதச் சுத்தி ஒரு மங்கலான செம்புகை மாதிரி பரவியிருக்குற பகுதி. விரல் லென்ஸுக்கு ஒட்டி சில மில்லிமீட்டர்லயே இருக்கறதால அதோட விளிம்பு ஃபோகஸ்ல இருக்காது. லென்ஸோட வாய்ல பாதிய மட்டும் விரல் மறைச்சு மீதி பாதி வழியா வெளிச்சம் உள்ள வருது, அதனால அந்த இடத்துல பின்னாடி இருக்குற சுவரோ மரமோ அப்படியே பதிவாகித்தான் இருக்கு, அதுக்கு மேல ஒரு கலர் படிஞ்சிருக்கு, அவ்ளோதான். கெட்டிப் பகுதியையும் அத ஒட்டி இருக்குற அடர்த்தியான ஓரத்தையும் அழிச்சு நிரப்பணும், மீதி புகைப் பகுதிய அழிக்கவே கூடாது, கலர மட்டும் எடுக்கணும். இந்தப் பிரிவு கண்ணுக்குப் பட்டுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஒரு போட்டோவ வச்சு முழுசா சொல்றேன். சிவகங்கை பக்கம் எங்க பழைய வீட்டுத் திண்ணைல அப்பத்தாவும் தாத்தாவும் உக்காந்திருக்காங்க, சித்தி எடுத்தது. அந்த வீட்ட அப்புறம் இடிச்சுட்டாங்க, அதனால திரும்ப எடுக்குற பேச்சே இல்ல. அப்பத்தா சிரிச்சு இருக்குற போட்டோ எங்ககிட்ட ரொம்பக் கம்மி, இதுல வாய் திறந்து சிரிக்குது. சித்தி போன் பண்ணி, "டேய், அந்த மூலைல இருக்குற என் விரல மட்டும் எடுத்துக் குடுத்துருடா, பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டணும்"னு சொன்னாங்க.

வாட்ஸப்ல வந்தது 1600க்கு 1200 பிக்ஸல். அத வச்சு வேலை பாக்க முடியாதுன்னு சொல்லி டாக்குமெண்டா அனுப்பச் சொன்னேன், அப்பதான் 4000க்கு 3000 வந்துச்சு. இது எதுக்குன்னா, சின்ன ஃபைல்ல அந்த செம்புகை சீரா மங்காம படிப்படியா கட்டம் கட்டமா உடைஞ்சு நிக்கும், அந்தக் கட்டம் மேல கலர எடுத்தா இன்னும் அசிங்கமாத் தெரியும். அதனால எந்த டூல தொடுறதுக்கும் முன்னாடி ஒரிஜினல வாங்கிடுங்க.

அடுத்து சித்திகிட்ட கேட்டது, அதே நேரத்துல வேற போட்டோ எடுத்தீங்களான்னு. இது ரொம்ப முக்கியம், ஏன்னா விரல் ஒரு க்ளிக்ல இருக்கும் அடுத்ததுல இருக்காது. ஐபோன்ல லைவ் போட்டோ ஆன்ல இருந்துச்சுன்னா க்ளிக் பண்றதுக்கு முன்னாடி ஒன்றரை செகண்டும் பின்னாடி ஒன்றரை செகண்டும் சேந்து பதிவாகியிருக்கும், எடிட்ல போய் கீழ இருக்குற ஃப்ரேம் வரிசைய இழுத்துப் பாத்தா விரல் இல்லாத ஃப்ரேம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அத கீ போட்டோவா மாத்திக்கலாம். நிறைய ஆண்ட்ராய்டு போன்லயும் மோஷன் போட்டோன்னு இதே வசதி இருக்கு. அந்த ஃப்ரேமோட தரம் மெயின் போட்டோவ விடக் கம்மிதான், ஸ்டேட்டஸ் வைக்கவும் குரூப்ல போடவும் தாராளமாப் போதும், ஹால்ல மாட்டுற சைஸுக்குத்தான் கொஞ்சம் யோசிக்கணும்.

சித்தி போன்ல அந்த வசதி ஆஃப்ல இருந்துச்சு, ஆனா அடுத்து எடுத்த இன்னொரு போட்டோ இருந்துச்சு. அதுல சித்தி ரெண்டு எட்டு முன்னாடி வந்து எடுத்துருக்காங்க, கோணம் வேற, அப்பத்தா கண்ண மூடிருச்சு, அதனால அந்த மூலைய அப்படியே வெட்டி இங்க ஒட்ட முடியாது. ஆனாலும் அது பெரிய உதவி, ஏன்னா விரலுக்குப் பின்னாடி உண்மையிலயே என்ன இருந்துச்சுன்னு அதுல தெரிஞ்சுது. மேல ஓட்டுக்கூரையத் தாங்குற ஒரு கருத்த சட்டம் சாய்வா வந்து சுவத்துல ஏறுது, சட்டத்துக்குக் கீழ சுண்ணாம்படிச்ச வெள்ளைச் சுவரு, வேற ஒண்ணும் இல்ல. இடிச்ச வீடுங்கறதால இல்லாத ஒண்ண அங்க வரைஞ்சு வைக்க எனக்கு மனசு வராது, சட்டம் இருந்த இடத்துல சட்டம்தான் வரணும், அதுக்கு இந்தப் போட்டோ சாட்சி.

இப்ப பிரிண்ட் சைஸ் கணக்கு. நிறைய பேரு யோசிக்காத இடம் இதுதான், ஆனா எனக்கு மிச்சமாகுற வேலைல பெரும்பகுதி இதுலதான் மிச்சமாகுது. போன் போட்டோ பொதுவா 4:3 விகிதம். ஸ்டுடியோவுல போடுற 4x6, 8x12 ரெண்டுமே 3:2 விகிதம். அப்ப நீங்க கேட்டாலும் கேக்காட்டாலும் பிரிண்ட் போடும்போது கொஞ்சம் வெட்டுப்பட்டே ஆகணும். 4000க்கு 3000 போட்டோவ படுக்கவாட்டுல 12x8 போட்டா அகலம் முழுசா இருக்கும், உயரம் 2667 ஆயிடும், அதாவது 333 பிக்ஸல் போயிடும். கடைக்காரர் பாட்டுக்கு மேல பாதி கீழ பாதின்னு வெட்டுவாரு. அந்த வெட்ட மொத்தமா விரல் இருக்குற பக்கமே எடுத்துக்கிட்டா என்ன? சித்தி போட்டோவுல விரல் மேல இடது மூலைல, மேல் விளிம்புலருந்து சுமாரா 450 பிக்ஸல் வரைக்கும் கெட்டியா இறங்கியிருந்துச்சு. 333அ மேலருந்தே வெட்டினா மிச்சம் நிக்குறது 120 பிக்ஸல் கிட்டத்தான். தாத்தா தலைக்கு மேல இடம் நிறைய இருந்துச்சு, கீழ வெட்டினா அப்பத்தா பாதம் போயிருக்கும், அதனால இந்தப் போட்டோவுக்கு மேல வெட்டுறது எப்படிப் பாத்தாலும் சரிதான். விரல் 300 பிக்ஸலுக்குள்ள இருந்திருந்தா அழிக்குற வேலையே இல்லாம போயிருக்கும். 12 இஞ்சுக்கு 4000 பிக்ஸல் இருக்கறதால ஒரு இஞ்சுக்கு 333 வருது, பிரிண்ட் நல்லாவே வரும்.

வெட்டுறத முதல்ல பண்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, தேய்க்குற இடம் எவ்ளோ கம்மியோ அழுக்குத் திட்டு வர்ற வாய்ப்பும் அவ்ளோ கம்மி. நான் யூஸ் பண்றது ஸ்னாப்சீட், ஃப்ரீ ஆப், அதுல இருக்குற ஹீலிங் டூல். நம்ம தேய்க்குற இடத்துக்குப் பக்கத்துலருந்து ஒரு துண்ட எடுத்து வச்சு, தேய்ச்ச இடத்தோட ஓரத்துல என்ன கலர் இருக்கோ அதுக்கு ஏத்தமாதிரி அந்தத் துண்ட கலந்துவிடுது. அழுக்குத் திட்டு வர்ற காரணம் இதுலதான் இருக்கு. நீங்க விரலோட கெட்டிப் பகுதிய மட்டும் கரெக்டா அளவெடுத்துத் தேய்ச்சா தேய்ச்ச ஓரம் செம்புகை மேல நிக்குது, டூல் அந்தச் சிவப்ப ஓரக் கலரா எடுத்துக்கிட்டு உள்ள முழுசும் இழுத்து விட்டுடுது. என் சித்தப்பா பையன் முதல்ல பண்ணி அனுப்புனதுல அதுதான் நடந்திருந்துச்சு, விரலோட வடிவம் போயிருச்சு, ஆனா சுவத்துல காவி தண்ணி தெளிச்ச மாதிரி ஒரு திட்டு. அதனால பிரஷ் ஓரம் செம்புகையோட அடர்த்தியான பகுதியத் தாண்டி, சுவரு ஓரளவு சுவரு கலர்லயே தெரியுற இடத்துல போய் நிக்கணும். அதே மாதிரி போட்டோவோட விளிம்புப் பக்கம் பிரஷ் வெளிய வழியுற மாதிரித் தேய்க்கணும், இல்லன்னா விளிம்புல நூலளவு ரோஸ் கோடு ஒண்ணு நின்னுடும், போன்ல கண்ணுக்கே படாது, ஃப்ரேம் போட்டு மாட்டினா அதுதான் முதல்ல கண்ணுல படும்.

ஸ்னாப்சீட் ஹீலிங்ல பிரஷ் சைஸ மாத்த தனியா பட்டன் கிடையாது, போட்டோவ ரெண்டு விரலால பெருசாக்கினா பிரஷ் போட்டோவுல சின்னதா விழும், சின்னதாக்கினா பெருசா விழும். மூலைல வேலை பாக்குறப்ப இன்னொரு சிக்கல், நடு போட்டோவுல ஒரு புள்ளிய அழிச்சா நாலு பக்கமும் டூலுக்குத் தகவல் இருக்கும், மூலைல ரெண்டு பக்கம்தான் இருக்கு. அதனால பெருசா ஒரே தேய்ப்பா தேய்ச்சா எங்கிருந்தோ தாத்தா துண்டையோ தூணையோ கொண்டுவந்து மூலைல வச்சிடும். கொஞ்சம் கொஞ்சமா, நல்லா இருக்குற பக்கத்துலருந்து மூலைய நோக்கிப் போகணும், ஒவ்வொரு தேய்ப்பையும் பாத்துட்டு பிடிக்கலன்னா பின்னாடி போற அம்புக்குறிய அமுக்கிட்டு திரும்பத் தேய்க்கணும், அதே இடத்துல ரெண்டாவது தடவ அளவையோ திசையையோ லேசா மாத்தித் தேய்ச்சா வேற துண்ட எடுத்து வைக்கும்.

இதுல வரிசை ஒண்ணு இருக்கு. கோடு இருக்குற இடத்த முதல்ல முடிக்கணும், அப்புறம்தான் வெறும் இடம். எங்க போட்டோவுல கோடுங்கறது அந்தச் சட்டம். சுவத்த முதல்ல நிரப்பிட்டா வெள்ளை போய் சட்டத்துக்குள்ள ஏறிடும், சட்டம் பாதில மொட்டையா நிக்கும். அதனால போட்டோவ நல்லா பெருசாக்கி, சட்டம் தெளிவா இருக்குற வலது பக்கத்துலருந்து அது போற சாய்வுலயே சின்னச் சின்னதா இழுத்து விளிம்பு வரைக்கும் கொண்டுபோனேன். சட்டம் கருப்புங்கறதால மரத்தோட ரேகை கொஞ்சம் மழுங்கினாலும் தெரியல. அதுக்கப்புறம் சுவரு. சுண்ணாம்புச் சுவரு ரொம்ப இரக்கம் உள்ளது, அங்கங்க காரை, அங்கங்க மழைத்தண்ணி இறங்கின கறை, எதக் கொண்டுவந்து வச்சாலும் ஏத்துக்கும். ஆனா ஒரே கறை பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தடவ வந்துச்சுன்னா பாக்குறவங்க கண்ணு உடனே பிடிச்சிடும், அந்த மாதிரி ஒரு இரட்டைக் கறை வந்துச்சு, அதுல ஒண்ணு மேல மட்டும் திரும்பத் தேய்ச்சு மாத்திட்டேன்.

இப்ப மிச்சம் இருக்குற செம்புகை. இதத்தான் அழிக்கக் கூடாதுன்னு சொன்னேன், ஏன்னா இதுக்குள்ள உண்மையான சுவரும் உண்மையான சட்டமும் இருக்கு. ஸ்னாப்சீட்ல பிரஷ்னு தனியா ஒரு டூல் இருக்கு, அதுல சாச்சுரேஷன், டெம்பரேச்சர், எக்ஸ்போஷர்னு பிரிவு இருக்கும். சுவரு வெள்ளைங்கறதால சாச்சுரேஷன மைனஸ் 5ல வச்சு லேசாத் தேய்ச்சா சிவப்பு இறங்கி வெள்ளை வெளிய வந்துடும், ஒரே அடியா மைனஸ் 10 போட்டா சாம்பலாயிடும், பக்கத்துச் சுவத்துல இருக்குற லேசான மஞ்சளோட ஒட்டாது. மரத்து மேல இது வேலைக்கு ஆகாது, மரத்தோட பழுப்பும் சேந்து போயிடும், அங்க டெம்பரேச்சர மைனஸ் பக்கம் வச்சு ஒரு தடவ ஓட்டினா போதும். அப்புறம் வெளிச்சம். பகல்ல எடுத்தா வெளிச்சம் படாத பக்கம்தான் விரல்ல லென்ஸப் பாத்து இருக்கும், அதனால புகை சிவப்பா மட்டும் இல்லாம கொஞ்சம் இருட்டாவும் இருக்கும், எக்ஸ்போஷர் பிளஸ் 0.3 குடுத்துத் தேய்க்கணும். ராத்திரி ஃப்ளாஷ்ல எடுத்ததுன்னா தலைகீழ், ஃப்ளாஷ் விரல் மேலயே அடிச்சு புகை வெளுத்துப்போய் இருக்கும், அப்ப மைனஸ் குடுக்கணும். புகை ஒரு ஆள் முகத்து மேல பரவியிருந்தா நான் பிரஷ்ஷ முகத்து மேல வைக்க மாட்டேன், தோல் கலர் உயிரில்லாம ஆயிடும், லேசான சிவப்பு முகத்துல இருந்தா யாருக்கும் உறுத்தாது.

முடிஞ்சுதான்னு எப்படிப் பாக்குறதுன்னா, கான்ட்ராஸ்ட்ட ஏதாவது ஒரு டூல்ல போய் முழுசா ஏத்திப் பாப்பேன், ஒட்டுப்போட்ட இடம் இருந்தா திட்டா எழுந்து நிக்கும், பாத்துட்டு கேன்சல் குடுத்துடுவேன். அப்புறம் கேலரில சின்னக் கட்டமா இருக்குறப்ப பாப்பேன். பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருந்தா நமக்கு எல்லாம் தப்பாவே தெரியும், சின்னதுல பாக்குறப்ப கண்ணு நேரா அப்பத்தா சிரிப்புக்குப் போகுதா மூலைக்குப் போகுதாங்கறதுதான் கேள்வி. சிரிப்புக்குப் போச்சு, விட்டுட்டேன். சேவ் பண்றப்ப காப்பியா சேவ் பண்ணி ஒரிஜினலயும் வச்சுக்கிட்டேன்.

விரல் மாதிரியே போன் கயிறும் போட்டோவுல விழும், அந்த விஷயம் கொஞ்சம் வேற. போன் கவர்ல மாட்டுற மணிக்கட்டுக் கயிறு சில கவர்ல கேமராவுக்குப் பக்கத்து ஓட்டைலதான் மாட்டியிருக்கும், நிமித்திப் பிடிச்சு எடுத்தா கயிறு லென்ஸுக்குக் குறுக்க தொங்கும். பட்டையான கயிறுன்னா விரல் மாதிரியே கெட்டியா மறைக்கும். மெல்லிசு கயிறுன்னா லென்ஸோட வாயவிட ஒல்லியா இருக்கறதால எங்கயுமே முழுசா மறைக்காது, போட்டோவுல மேலருந்து கீழ சாம்பல் கலர்ல ஒரு நிழல் பட்டை மாதிரி தெரியும், பின்னாடி இருக்குறது எல்லாம் அதுக்குள்ள தெரியும். இந்த மெல்லிசுக்கு ஹீலிங்கே வேண்டாம், எக்ஸ்போஷர் பிரஷ்ல பிளஸ் 0.3 வச்சு அந்தப் பட்டை மேல ஒரு ஓட்டு, தேவைன்னா இன்னொரு ஓட்டு, அவ்ளோதான், புடவையோட டிசைன் கூட அப்படியே திரும்ப வந்துடும்.

பட்டைக் கயிறு செடி கொடி மேல விழுந்திருந்தா கவலையே இல்ல, இலைக்கு நடுவுல எந்த இலையக் கொண்டுவந்து வச்சாலும் சேந்துக்கும். பட்டுப்புடவைக் கரை மேல விழுந்தா அது உண்மையிலயே கஷ்டம். கரைல கோடும் கட்டமும் திரும்பத் திரும்ப சீரா வரும், ஹீலிங் வைக்குற துண்டு ஒரு பிக்ஸல் நகந்தாலும் கோடு உடைஞ்சு தெரியும். கம்ப்யூட்டர் இருந்தா ஜிம்ப்ங்கற ஃப்ரீ சாஃப்ட்வேர்ல குளோன் டூல எடுத்து, கண்ட்ரோல அமுக்கிக்கிட்டு கரைல அதே டிசைன் வர்ற இன்னொரு இடத்த க்ளிக் பண்ணி, கோடு மேல கோடு உக்கார்ற மாதிரி வரைஞ்சு எடுக்கலாம், புடவை மடிப்பு இல்லாம நேரா இருந்தாத்தான் அதுவும் ஒத்துவரும். மடிப்புல விழுந்திருந்தா நான் இடுப்புக்கு மேல வெட்டிடுவேன். அதே மாதிரி விரலோ கயிறோ ஒருத்தரோட முகத்துல பாதிய மறைச்சிருந்தா அத நிரப்பித் தர மாட்டேன்னு நேரா சொல்லிடுவேன், வர்றது அவங்க முகமா இருக்காது.

சித்திக்கு பிரிண்டோட சேத்து போன் பிடிக்குறதையும் காட்டிக் குடுத்தேன். அவங்க போன்ல கேமரா ஒரு ஓரத்துல இருக்கு. படுக்கவாட்டுல பிடிக்குறப்ப போனோட தலை இடது கைப்பக்கம் போற மாதிரித் திருப்பினா கேமரா மேல இடது மூலைல வந்து நிக்கும், அந்தப் பக்கம் இடது ஆள்காட்டி விரல் மேல வளைஞ்சு வந்து உக்கார்ற இடம் அதுதான், விரல் போட்டோவுலயும் மேல இடது மூலைல விழுறது அதனாலதான். அந்த விரல மடக்கி போனோட மேல் விளிம்புல மட்டும் நுனிய வைக்கச் சொன்னேன். ரெண்டாவது கேமராவுல இருக்குற 0.5 ஜூம். அந்த அகலமான லென்ஸ் ரொம்ப ஓரம் வரைக்கும் பாக்கும், 1ல விழாத விரல் 0.5ல விழும். சில போன்ல கோலத்தையோ சாப்பாட்டையோ ரொம்பக் கிட்டப் போய் எடுத்தா அதுவா அந்த லென்ஸுக்கு மாறிடும், அப்ப இவ்ளோ நேரம் இல்லாத விரல் திடீர்னு மூலைல வந்து நிக்கும். வெயில்ல ஸ்கிரீன் சரியாத் தெரியாதப்ப இத கவனிக்கவே முடியாது, அதனால முக்கியமான போட்டோன்னா எடுத்த கையோட நிழல்ல போய் நாலு மூலையையும் ஒரு தடவ பாத்துட்டு, ஆளுங்க எழுந்து போறதுக்குள்ள இன்னொண்ணு எடுத்து வச்சிடச் சொல்லியிருக்கேன். கயித்துக்கு, கவரோட கீழ் ஓட்டைக்கு மாத்தி மாட்டிட்டோம்.